ஹாலோ சங்கிலி ஏன் நசுங்குகிறது, ஏன் விலை குறைகிறது?

"இரண்டு தங்கச் சங்கிலி பார்த்தேன். ஒரே டிசைன், ஒரே நீளம், ஒரே தடிமன், இரண்டுமே 22 காரட். ஒன்று 50 கிராம், மற்றது 18 கிராம்தான். எடை குறைந்தது ஹாலோ, சீக்கிரம் நசுங்கிவிடும் என்கிறார்கள். ஏன் அப்படி? விலை பாதிக்கும் கீழே இருப்பதால் அதையே வாங்கிவிடலாமா?"

நசுங்கும் என்பது உண்மை. எவ்வளவு சுலபமாக நசுங்கும் என்பதை முக்கியமாக ஒரே ஒரு அளவு முடிவு செய்கிறது: உள்ளே கூடாக இருக்கும் அந்தக் கம்பியின் சுவர் எவ்வளவு கனம். விலை, தேய்மானம், பழுதுபார்க்க முடியுமா முடியாதா என்பதெல்லாமும் அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறது. பல வருடம் நகை பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் அந்தச் சுவரைப் பற்றியே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன எடைகளை வைத்தே கணக்குப் போடலாம். வளையங்கள் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் ஆனவை என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக் கம்பியைக் குறுக்கே வெட்டினால் முழு வட்டமும் தங்கம். அந்த வெட்டுப் பரப்பு சுமார் 3.14 சதுர மில்லிமீட்டர். ஹாலோ கம்பியில் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் சுவர் மட்டும் தங்கம், நடுவில் 1.6 மில்லிமீட்டர் வெற்றிடம். அங்கே தங்கத்தின் பரப்பு 1.13 சதுர மில்லிமீட்டர். அதாவது நூற்றுக்கு 36 பங்கு. 50 கிராமில் 36 பங்கு சரியாக 18 கிராம். ஆகவே உங்கள் சங்கிலியின் சுவர் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். எழுதும் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் கனம் அது.

இவ்வளவு மெல்லிய குழாயை எப்படி வளையமாக வளைக்கிறார்கள் என்று கேட்கலாம். வெறும் குழாயாக வளைத்தால் அப்போதே மடிந்துவிடும். அதனால் உள்ளே வேறு ஒரு உலோகத்தை வைத்துத்தான் வளைக்கிறார்கள். மெல்லிய தங்கத் தகட்டை ஒரு இரும்புக் கம்பியையோ அலுமினியக் கம்பியையோ சுற்றிப் போர்த்தி, கம்பியிழுக்கும் அச்சில் திரும்பத் திரும்ப இழுத்துத் தேவையான தடிமனுக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் கலவைக் கம்பியை வளையங்களாக்கிக் கோக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு சங்கிலியை ஒரு கரைசலில் போடுவார்கள். இரும்பென்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற ஒன்று, அலுமினியமென்றால் காஸ்டிக் சோடா. உள்ளிருக்கும் உலோகம் கரைந்து வெளியேறும், தங்கம் அப்படியே நிற்கும். கரைசல் உள்ளே போகவும் கரைந்தது வெளியே வரவும் வழி வேண்டும் அல்லவா? தகட்டின் இரண்டு ஓரமும் சந்திக்கும் கோடுதான் அந்த வழி. அதைப் பற்றவைக்காமல், வளையத்தின் உட்பக்கம் வரும்படி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது இரண்டு மூன்று தொல்லைகளுக்குக் காரணமாகும்.

இப்போது நசுங்கலுக்கு வருவோம். கெட்டிக் கம்பியை நகத்தாலோ மேசை விளிம்பாலோ அழுத்தினால், அந்த இடத்துத் தங்கம் உள்ளே போக இடமே இல்லை. அடியிலும் தங்கம், பக்கத்திலும் தங்கம். மேலே ஒரு கீறலோ சின்னத் தழும்போ விழும், அவ்வளவுதான். ஹாலோவில் சுவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தாங்க வேண்டியது அந்த 0.2 மில்லிமீட்டர் தகடு மட்டும்.

தகடு உள்நோக்கி வளையும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் சுருங்குகிறது. எதிர்த்து நிற்கும் பலம் இரண்டு விஷயத்தால் வருகிறது. எவ்வளவு உலோகம் எதிர்க்கிறது என்பது ஒன்று, அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது மற்றொன்று. சுவரின் கனத்தைப் பாதியாக்கினால் உலோகமும் பாதி, தூரமும் பாதி. பாதியும் பாதியும் பெருகிக் கால் பங்காகிவிடும். அதாவது 0.2 மில்லிமீட்டர் சுவரை 0.1 ஆக்கினால் எடை 36 பங்கிலிருந்து 19 பங்காக, கிட்டத்தட்ட பாதியாகத்தான் குறைகிறது. ஒடுக்கு விழாமல் தாங்கும் திறனோ நாலில் ஒன்றாகிவிடுகிறது. ஹாலோ சங்கிலிகளிலேயே சில வருடக்கணக்கில் தாங்குவதும், சில முதல் மாதமே நசுங்குவதும் இதனால்தான். எடையில் சின்ன வித்தியாசம், பலத்தில் பெரிய வித்தியாசம்.

"குழாய்தானே பலம், மூங்கில் குழாய் தாங்குகிறதே" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே எடைத் தங்கத்தைக் கெட்டிக் கம்பியாக்கினாலும் குழாயாக்கினாலும், மொத்தமாக வளைவதற்குக் குழாய்தான் அதிகம் எதிர்ப்புக் காட்டும். ஆனால் மூங்கிலுக்குள் இடையிடையே கணு இருக்கிறது, அதுதான் அதை வட்டமாகவே பிடித்து வைக்கிறது. சங்கிலிக் குழாய்க்குள் கணு கிடையாது. ஓரளவுக்கு மேல் வளைத்தால் அதன் வட்டம் தட்டையாகத் தொடங்கும். தட்டையானதும் வளைவை எதிர்க்கும் பலம் குறையும். குறைந்ததும் இன்னும் வேகமாகத் தட்டையாகும். உறிஞ்சுகுழலை வளைத்துப் பார்த்தால், கொஞ்ச தூரம் அழகாக வளைந்துவிட்டுத் திடீரென்று ஒரே இடத்தில் மடிவது தெரியும். அதே கதைதான்.

காரட்டும் இதில் சேரும். 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், அதனால் மென்மை. 14 காரட்டில் 58.5 சதவீதம்தான், மீதிச் செம்பும் வெள்ளியும் அதைக் கடினமாக்குகின்றன. ஒரே கனச் சுவரில் 22 காரட் முதலில் நசுங்கும். போதாததற்கு, வளையங்களைப் பற்றவைக்கும் சூடு, இழுத்து வளைத்தபோது ஏறியிருந்த கடினத்தையும் இறக்கிவிடுகிறது.

ஒரு சங்கிலியை வைத்துச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தன் ஹாலோ சங்கிலியைக் கொண்டு வந்தார். கழுத்திலேயே போட்டுக்கொண்டு தூங்குவாராம். பின்கழுத்துப் பக்கம் ஒன்பது வளையங்கள் தட்டையாகியிருந்தன, இரண்டில் கூர்மையான மடிப்பு. "கொஞ்சம் தட்டி நிமிர்த்திக் கொடுங்கள் தம்பி" என்றார். பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்தால் உள்ளே கட்டையை வைத்துத் தட்டி எடுத்துவிடலாம். வளையத்துக்குள் எதை வைத்துத் தட்டுவது? மூடிய குழாயின் உட்புறத்தைத் தொடவே வழியில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். தட்டையான வளையத்தின் அகலப் பக்கங்களை வழவழப்பான குறட்டால் மெல்ல அழுத்தினால் ஓரளவு மறுபடி உருளும். ஏழு வளையங்கள் அப்படித் தேறின, உற்றுப் பார்த்தால் தடம் தெரியும். மடிப்பு விழுந்த இரண்டும் தேறவில்லை. மடிந்த கோட்டில் உலோகம் ஏற்கெனவே இழுபட்டு இறுகியிருக்கும். திருப்பி வளைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். ஒன்றில் விட்டது.

அந்த விரிசலைப் பற்றாசு வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் அந்த உட்பக்கக் கோடு தொல்லை கொடுக்கிறது. அதன் வழியே வியர்வையும் சோப்புத் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கியிருக்கும். சூடு காட்டினால் ஆவியாகிச் சுவரை உப்ப வைக்கும், சில சமயம் பிளந்தும் விடும். தண்ணீர் இல்லாவிட்டாலும் உருகிய பற்றாசு அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், வெளியே ஓட்டை அப்படியே இருக்கும். கொஞ்சம் அதிகம் சூடு போனால் சுவரே உருகிச் சுருங்கிவிடும். அதனால்தான் பலர் ஹாலோ சங்கிலியைப் பழுதுபார்க்க வாங்குவதே இல்லை. லேசர் வெல்டிங் இயந்திரம் இருந்தால் ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கி ஒட்டலாம், ஆனால் மெல்லிய சுவரில் அதற்கும் நிதானமான கை வேண்டும். அந்தச் சங்கிலியில் மடிந்த இரண்டு வளையங்களையும் எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துக் கொடுத்தேன். கொஞ்சம் நீளம் குறைந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் தூங்கும்போது கழற்றச் சொல்லியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்று வருத்தப்பட்டார். விற்றவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஒடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தேய்மானம். சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தை ஒரே இடத்தில் தொட்டு, நடக்க நடக்க உராய்ந்துகொண்டே இருக்கிறது. 2 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பியில் அந்த இடத்தில் 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேய்ந்தால், வெட்டுப் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் போயிருக்கும். சங்கிலி இன்னும் நெடுங்காலம் உழைக்கும். ஹாலோவில் அதே 0.2 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுவரே முடிந்துவிட்டது, ஓட்டை. ஓட்டையின் ஓரம் கூர்மையாகி, பக்கத்து வளையத்தை அரம் போல அராவத் தொடங்கும். கனமான டாலர் தொங்கவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வைரவெட்டு என்று பளபளக்கும் பட்டைகள் சீவிய ஹாலோ சங்கிலியிலும் கவனம் வேண்டும். சீவிய இடங்களில் ஏற்கெனவே மெல்லிய சுவர் இன்னும் மெலிந்திருக்கும்.

சரி, விலை. பெரும்பகுதி விளக்கம் தராசிலேயே இருக்கிறது: 18 கிராம் தங்கத்துக்கு 18 கிராம் காசு. காரட் குறைந்ததால் விலை குறையவில்லை, தங்கம் குறைந்ததால் குறைகிறது. ஆனால் செய்கூலி அதே விகிதத்தில் குறையாது. இரண்டு சங்கிலியிலும் வளையங்களின் எண்ணிக்கை ஒன்றுதான், கோப்பதும் பற்றவைப்பதும் ஒன்றுதான். ஹாலோவில் தகடு போர்த்துவது, உள்ளிருப்பதைக் கரைப்பது என்று வேலை கூடுகிறது. அந்த வேலையைக் குறைந்த கிராம்கள் சுமக்க வேண்டியிருப்பதால் கிராமுக்கான செய்கூலி ஏறுகிறது.

ஒரு கிராம் தங்கத்தின் மதிப்பை 1 என்று வையுங்கள். கெட்டிக்கு 10 சதவீதம் செய்கூலி என்றால் மொத்தம் 55. ஹாலோவுக்கு 20 சதவீதம் என்றால் 18-உடன் 3.6 சேர்த்து 21.6. இந்தச் சதவீதங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ரசீதில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். திருப்பி விற்கும்போது தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு என்றால், கெட்டியில் கொடுத்ததில் பதினொன்றில் ஒரு பங்கு போகும், ஹாலோவில் ஆறில் ஒரு பங்கு. தொகையாகப் பார்த்தால் ஹாலோவில் இழப்பது 3.6, கெட்டியில் 5. ஆக, ஹாலோ வாங்கினால் பணம் வீண் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. கையில் இருக்கும் தொகைக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் அது அதற்கான பொருள்தான். சேமிப்பாக நினைத்து வாங்கினால்தான் கணக்கு எதிராகத் திரும்புகிறது. நசுங்கிய சங்கிலியும் உருக்கும் தங்கத்தின் விலைக்குப் போகும், தங்கம் எங்கும் போய்விடாது. ஆனால் தேய்ந்து போனது போனதுதான். 18 கிராமில் ஒரு கிராம் தேய்வது, 50 கிராமில் ஒரு கிராம் தேய்வதைவிடப் பெரிய பங்கு.

வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது? ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்தை மட்டும் சொல்லும், உள்ளே கூடா கெட்டியா என்று சொல்லாது. எக்ஸ்ரே போட்டுத் தங்கம் சோதிக்கும் இயந்திரமும் மேற்பரப்பில் உள்ள உலோகக் கலவையைத்தான் படிக்கிறது. எடையைத்தான் நம்ப வேண்டும். அதே நீளம், அதே அகலம், அதே டிசைனில் கெட்டிச் சங்கிலி ஒன்றை எடுத்து இரண்டையும் நிறுக்கச் சொல்லுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் அது ஹாலோதான், சந்தேகமே வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் சுவர் ஓரளவு பரவாயில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் தினமும் அணிய நினைக்காதீர்கள். இந்த விகிதம் 2 மில்லிமீட்டர் கம்பிக்குச் சொன்னது. கம்பி இன்னும் தடிமனாக இருந்தால், அதே மூன்றில் ஒரு பங்குக்குச் சுவர் கனமாக இருக்கும், கொஞ்சம் நிம்மதி. உள்ளங்கையில் குவியலாகப் போட்டுக் குலுக்கினாலும் தெரியும். கெட்டி, மணல் மாதிரி கனமாக ஒன்றாகச் சரியும். ஹாலோ மெல்லிய சலசலப்போடு புரளும். லென்ஸ் இருந்தால் வளையத்தின் உட்பக்கத்தில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

வீட்டில் தண்ணீரில் போட்டு அடர்த்தி பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 17.8 கிராம். ஹாலோவுக்குள் காற்று அடைபட்டிருந்தால் உங்கள் 18 கிராம் சங்கிலி 6.4 என்று காட்டும், அது இரும்பைவிடக் குறைவு. கோட்டின் வழியே கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனால் இடையில் ஏதோ ஒரு எண் வரும். இதைப் பார்த்துவிட்டுப் போலி என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கம் சரியாகவே இருந்தது. வளையங்களே காந்தத்தில் ஒட்டினால் மட்டும் கேள்வி கேளுங்கள், உள்ளே வைத்த இரும்பு முழுதாகக் கரையாமல் தங்கியிருக்கலாம், அதையும் தங்கமாக நிறுத்துக் கொடுத்திருப்பார்கள். கொக்கி மட்டும் ஒட்டினால் பயமில்லை, அதற்குள் எஃகு ஸ்பிரிங் இருப்பது வழக்கம்.

கடைசிக் கேள்விக்கு என் பதில் இது. தினமும் போட்டுக்கொள்ள, டாலர் கோக்க, குழந்தைக்குப் போட என்றால் ஹாலோ வேண்டாம். அந்த 18 கிராம் காசுக்கே கெட்டி கிடைக்கும், தடிமன்தான் குறையும். அதே நீளத்தில் அதே டிசைனை அப்படியே சிறிதாக்கினால் 1.2 மில்லிமீட்டர் கம்பியில் 18 கிராமுக்குக் கெட்டிச் சங்கிலி வரும். 2-க்கு பதில் 1.2, கண்ணுக்கு மெலிவாகத் தெரியும். ஆனால் ஒடுக்கு விழாது, அறுந்தால் எந்தப் பட்டறையிலும் பற்றவைத்துக் கொடுப்பார்கள், செய்கூலியும் பெரும்பாலும் குறைவு. விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் போட்டுக் கழற்றி வைக்கப் போகிறீர்கள், அகலமாகத் தெரிவதுதான் முக்கியம் என்றால் ஹாலோவை வாங்குங்கள். சுருட்டாமல், மேலே எதையும் வைக்காமல், தட்டையான பெட்டியில் நீளவாக்கில் வையுங்கள். தூங்கும் முன்பும் குளிக்கும் முன்பும் கழற்றுங்கள். கார் சீட் பெல்ட் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் "ஹாலோ" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பழுதுக்கோ மாற்றுக்கோ கொண்டு போகும்போது, எடுப்பவர் சூடு காட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.